பாட்டு வரிக்குக் கீழே நேர்ப்பொருள் எழுதுவது எப்படி? (ஒரு "சாரல்" படுத்திய பாடு)

மூஞ்சிக்கல் சரவணன்

எல்லாருக்கும் வணக்கம். கொடைக்கானலில் நாங்கள் எட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமை கூடிப் பாடுகிற குழு. இந்தத் தடவை குறுந்தொகையில் 3-ஆம் பாட்டை எடுத்திருக்கிறோம். குறிஞ்சிப் பூ வருகிற பாட்டு, நம்ம ஊருக்குப் பொருத்தம். நாலே வரிதான்:

நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நீரினும் ஆரள வின்றே சாரல்
கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே

எட்டில் மூன்று பேருக்குத் தமிழ் தெரியாது. அதில் ஒருவர் மிசோரத்திலிருந்து வந்த ஆசிரியை, ஆங்கிலத்தில் அழகாகக் கவிதை எழுதுவார். முதலில் தமிழில் பாடிவிட்டு, அதே மெட்டில் அவருடைய ஆங்கில வடிவத்தைப் பாடுவதாகத் திட்டம். அவருக்காக ஒவ்வொரு வரிக்கும் கீழே பொருள் எழுதிக் கொடுத்தேன். தாளில் இருந்தது ஆங்கிலம். இங்கே அதையே தமிழில் போடுகிறேன்:

நிலத்தைவிடப் பெரியது, வானத்தைவிட உயரமானது
நீரைவிட அளவில்லாதது, தூறல்
கருப்புத் தண்டுள்ள குறிஞ்சிப் பூவை எடுத்துக்கொண்டு
நிறையத் தேன் செய்கிற ஊர்க்காரனோடு நட்பு

ஒரு வாரம் கழித்து அவர் கொண்டுவந்த கவிதையில் முதல் பாதி முழுக்க மழை. நனைந்த குறிஞ்சிக் காட்டில் ஒருத்தன் பூப்பறித்துத் தேன் காய்ச்சுகிறான், பக்கத்தில் தோழி நிற்கிறாள். படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நம்ம பாட்டு அது இல்லை. அவர் கேட்ட கேள்வி வேறு: "இந்த ஆள் யார், தேன் வியாபாரியா?" எனக்குப் பதில் வரவில்லை.

தப்பு அவர் மேல் இல்லை, என் தாளில்தான். இதை எப்படி எழுதியிருக்க வேண்டும்? சொல்லுக்குச் சொல்லா, வரிக்கு வரியா?

பதவுரைப் பாண்டி

தம்பி, இதுக்கு ஏன் இவ்வளவு மண்டை காயணும்? உ.வே.சா. 1937-லயே குறுந்தொகையை உரையோட பதிப்பிச்சுட்டார். பதவுரை இருக்கு. அதை எடுத்து ஆங்கிலத்துல மாத்தி வரிக்குக் கீழே ஒட்டுங்க, வேலை முடிஞ்சது. நாமளா பொருள் சொல்லப் போனா இப்படித்தான் தூறல் விழும்.

அப்புறம் ஒண்ணு. "உயர்ந்தன்று" என்பதை உயரமானதுன்னு எழுதியிருக்கீங்க. "அன்று" எதிர்மறை இல்லையா? "வானைவிட உயர்ந்தது அல்ல"ன்னு வரணும். நட்பு பெரிசு, ஆனா உயரம்னு அலட்டிக்காதுன்னு ஒரு பணிவு அதுல இருக்கு. அதைத் தவற விட்டுட்டீங்க.

தேன்பெட்டி முருகேசு

எனக்கு இலக்கணம் தெரியாதுங்க. பண்ணைக்காட்டுல தேன்பெட்டி வச்சிருக்கேன். மழைத்தூறல்ல தேனீ வெளியே வராது. பெட்டிக்குள்ளேயே கிடக்கும், சேத்து வச்ச தேனைத் தின்னும். தூறல்ல பெருந்தேன் எப்படிச் சேரும்? எழுதினவருக்கு அது தெரியாமலா இருக்கும்? அந்த இடத்துல மழை இருக்க வாய்ப்பே இல்லைன்னு தோணுது.

லவ்டேல் வாசுகி

முருகேசு அண்ணன் பெட்டியைப் பார்த்துச் சொன்னது உரைக்காரர் சொன்னதோடு ஒத்துப்போகிறது. இந்தப் பாட்டில் சாரல் என்றால் மலைச்சரிவு. நாம் இன்று சாரல் என்றால் தூறலை நினைக்கிறோம், குற்றாலம் பழக்கிவிட்ட பழக்கம். வேலை தேடி வந்த தமிழ் தெரியாதவரை விட, தமிழ் தெரிந்த நமக்குத்தான் பழைய பாட்டில் இந்த ஆபத்து அதிகம். தெரியாத சொல்லை அகராதியில் பார்ப்போம். தெரிந்த சொல்லை யாரும் பார்ப்பதில்லை. சரவணன் "ஆரளவின்றே"வுக்கு அகராதி பார்த்திருப்பார், "சாரல்"க்குப் பார்த்திருக்க மாட்டார். சரியா?

ஊட்டிப் பக்கம் பள்ளிப் பாட்டுக் குழுக்களோடு ரொம்ப வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். தமிழ் தெரியாத பிள்ளைகளுக்குத் தாள் எழுதி எழுதிக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

பாண்டி சார் சொன்ன பதவுரையை அப்படியே ஒட்டினால் ஒரு சிக்கல் வரும். பதவுரை கொண்டுகூட்டி எழுதப்பட்டது. உ.வே.சா. உரை இந்தப் பாட்டுக்கு மலைப்பக்கத்தில் தொடங்கி, குறிஞ்சி, தேன், நாட்டை உடையவன், நட்பு என்று போய், கடைசியில்தான் "பூமியைக் காட்டிலும்" என்று வரும். அதாவது பாட்டின் கடைசி வரி உரையில் நடுவில் இருக்கும், முதல் வரி கடைசியில் இருக்கும். படித்துப் புரிந்துகொள்ள அது சரியான முறை. ஆனால் பாடுகிறவருக்கு எந்த ஸ்வரத்தில் வாய் திறக்கும்போது எந்தப் பொருள் வெளியே போகிறது என்று தெரிய வேண்டும். "நிலத்தினும்" என்று பாடிக்கொண்டே கீழே "மலைப்பக்கத்தில்" என்று படித்தால் முகத்தில் எந்த பாவம் வரும்? மேற்கே ஓபரா பாடகர்கள் தெரியாத மொழியில் பாடும்போது, பாட்டு வரி, அதன் கீழே ஒவ்வொரு சொல்லுக்கும் நேர் கீழே அதன் பொருள், அதன் பிறகு சரளமான வாக்கியம் என்று அடுக்கி வைத்துக்கொண்டுதான் பயிற்சி செய்கிறார்கள். நடுவில் இருக்கிற அந்த அடுக்குத்தான் நம்ம தாள்களில் இருப்பதில்லை. சரவணன் எழுதியது மூன்றாவது அடுக்கு மாதிரி இருக்கிறது, ஆனால் இரண்டாவதன் வேலையைச் செய்யப் பார்த்திருக்கிறது.

அடுத்து "உயர்ந்தன்று". பாண்டி சார், அது எதிர்மறை இல்லை. உயர்ந்தது அல்ல என்று சொல்ல வேண்டுமானால் "உயர்ந்ததன்று" என்று இன்னொரு த இருக்கும். இது உயர்ந்த் + அன் + து. ன் பக்கத்தில் து வந்ததால் ன்று ஆகிவிட்டது. "வந்தன்று" என்றால் வந்தது என்று பொருள்படுகிற மாதிரி. "ஆரளவின்றே"யும் இதே கதைதான். அளவு + இன் + து, அளப்பதற்கு அரிய அளவை உடையது. சரவணன் "அளவில்லாதது" என்று போட்டிருக்கிறார், "இன்று" என்பதை இல்லை என்று எடுத்துக்கொண்டு. அங்கே பிழை வெளியே தெரியாமல் தப்பித்துவிட்டது, ஏனென்றால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன. முதல் வரியில் அதே பிழையைச் செய்தால் பொருள் கவிழ்ந்துவிடுகிறது. ஒரு வரியில் ஒரு விகுதியை இப்படியும் அடுத்த வரியில் அப்படியும் எழுதியிருக்கிறோமா என்று பார்ப்பது நல்ல சோதனை. எனக்கு நிறையத் தடவை கைகொடுத்திருக்கிறது.

பதவுரைப் பாண்டி

ஓ. "உயர்ந்ததன்று"... சரிதான், ஒரு த குறையுது. பணிவு போச்சு :) ஆனா கொண்டுகூட்டாம இந்தப் பாட்டை வெளியூர்க்காரங்க எப்படிப் புரிஞ்சுக்குவாங்க? முதல் வரியில எது பெரிசுன்னே இல்லையே!

குன்னூர் தாத்தா

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் மருமகள் பஞ்சாபிப் பெண். பேரன் பிறந்து நாலு மாதம். என் மனைவி தாலாட்டுப் பாடுகிறாள், மருமகள் பொருள் கேட்கிறாள். பையன் உட்கார்ந்து வரிக்கு வரி ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தான். "மாமன் அடிச்சானோ மல்லிகைப்பூச் செண்டாலே" என்று வருமில்லையா? "அங்கிள் பூச்செண்டால் அடித்தானா" என்று எழுதியிருக்கிறான். மருமகள் முகம் மாறிவிட்டது. "உங்கள் வீட்டில் குழந்தையை யார் அடிப்பது?" என்று கேட்டாள். அன்று முழுக்க வீட்டில் ஒரு மாதிரி அமைதி.

"ஆராரோ ஆரிரரோ"வுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் அவன் இணையத்தில் தேடிவிட்டு "யார் யாரோ" என்று எழுதியிருக்கிறான். அது சரியா?

லவ்டேல் வாசுகி

ஐயா, நீங்கள் இடையில் புகவில்லை, நடுவுக்கே வந்திருக்கிறீர்கள். "ஆராரோ"வுக்குச் சொல்லின் கீழ் "தாலாட்டு ஒலி" என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். "யார் யாரோ" என்று பிரித்துப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் தொட்டில் ஆட்டுகிறவர் அதை நினைத்துப் பாடுவதில்லை. பொருளில்லாத ஒலிக்குப் பொருள் கொடுத்தால் அதையும் ஒருவர் கவிதையில் கொண்டுவந்து விடுவார்.

மாமன் விஷயத்தில் உங்கள் பையன் சொல்லைத் தவறாக எழுதவில்லை. அடி அடிதான், செண்டு செண்டுதான். "அங்கிள்" என்ற சொல்தான் குழப்பியது. அது சித்தப்பாவா, பக்கத்து வீட்டுக்காரரா, யாராகவும் இருக்கலாம். சொல்லின் கீழ் "தாயின்-உடன்பிறந்தான்" என்று எழுதி, ஓரத்தில் ஒரு வரி: சீர் செய்கிறவன், செல்லமாகச் சீண்ட உரிமை உள்ளவன், மல்லிகைச் செண்டால் அடித்தால் வலிக்காது, அழுகிற குழந்தையைத் தேற்றும் விளையாட்டுக் கேள்வி. அந்தக் குறிப்பை வரிக்குள் நுழைக்காமல் ஓரத்தில் வையுங்கள். வரிக்குள் நுழைத்து "அன்பான தாய்மாமன் விளையாட்டாகத் தட்டினானோ" என்று எழுதினால், பாட்டி எங்கே அன்பு என்று பாடினாள் என்று மருமகள் தேடுவாள்.

இதே விதி சரவணனுக்கும். பாட்டில் இல்லாத எதையும் சொல்லடுக்கில் சேர்க்காதீர்கள். தவிர்க்க முடியாமல் சேர்த்தால் அடைப்புக்குள் போடுங்கள், சேர்த்தது நீங்கள் என்று அவருக்குத் தெரியட்டும்.

பாண்டி சார் கேட்டது நல்ல கேள்வி. முதல் வரியில் எது பெரிது என்று இல்லைதான். இருக்கவே கூடாது. கேட்கிறவருக்கும் முதலில் தெரியாது, நாலாவது வரியில் கடைசிச் சொல்லாகத்தான் "நட்பே" வருகிறது. நம்ம மொழியில் எழுவாய் கடைசி வரை காத்திருக்கும், யாரும் பதற மாட்டார்கள். ஆங்கிலம் பதறும். முதல் வரியிலேயே "அது" என்றோ "என் காதல்" என்றோ போடத் துடிக்கும். சொல்லடுக்கில் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். கவிதை எழுதுகிறவர் பதறுவதா, காத்திருப்பதா என்று அவர் முடிவு செய்யட்டும்.

மஞ்சூர்க் கவிராயன்

எனக்கு இந்த மொத்த முறையிலேயே சந்தேகம். நான் படுக மொழிப் பாட்டுகளைத் தமிழில் எழுதிப் பார்த்திருக்கிறேன். என் படுக நண்பர் சொல்லுக்குச் சொல் எழுதிக் கொடுத்தால் எனக்குக் கவிதையே வராது. எலும்புக்கூடு மாதிரி இருக்கும். அவர் பாடி, கண்ணை மூடி, "இது இப்படிடா" என்று கதையாகச் சொல்வார். அதில்தான் எனக்குப் பிடி கிடைக்கும். "நிலத்தை-விட-உம்" என்று கோடு போட்டு வெட்டிக் கொடுத்த காகிதத்தைப் பார்த்து யார் உருகுவார்கள்?

லவ்டேல் வாசுகி

கவிராயரே, உருகுவதற்கு அந்தக் காகிதம் இல்லை. உங்கள் நண்பர் கண்ணை மூடிச் சொன்ன கதை அவருடைய கவிதை. அதன் மேல் நீங்கள் கட்டுவது மூன்றாவது மாடி. அவர் ஒரு இடத்தில் சாரலைத் தூறலாக்கியிருந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்? இரண்டும் வேண்டும் என்பது என் கட்சி. சொல்லடுக்கைக் கொடுத்துவிட்டு, பிறகு கண்ணை மூடிக் கதையும் சொல்லுங்கள். வரிசை மட்டும் மாறக்கூடாது.

மூஞ்சிக்கல் சரவணன்

அக்கா, நீங்கள் சொன்னது சரி. சாரலுக்கு நான் அகராதி பார்க்கவே இல்லை. வெட்கமாக இருக்கிறது.

இரண்டு நாள் உட்கார்ந்து புதுத் தாள் எழுதினேன். ஒட்டுகளைக் கோடு போட்டுப் பிரித்திருக்கிறேன், நான் சேர்த்தது அடைப்புக்குள். தலையில் ஒரு வரி: "தலைவி தோழியிடம் பேசுகிறாள்."

நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நிலம்-விட-உம் | பெரிது-தான் | வானம்-விட-உம் | உயர்ந்தது

நீரினும் ஆரளவின்றே சாரல்
நீர்(கடல்)-விட-உம் | அரிய-அளவு-உடையது-தான் | மலைச்சரிவு

கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு
கரிய-தண்டு | குறிஞ்சி | பூ-கொண்டு

பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே
பெரும்-தேன் | செய்கிற | நாடன்-ஓடு | நட்பு-தான்

எழுதும்போதே இரண்டு இடத்தில் நின்றுவிட்டேன். ஒன்று, சாரல் இரண்டாம் வரியின் நுனியில் தொங்குகிறது. அது நீரோடு சேராது, அடுத்த வரிக் குறிஞ்சியோடு சேரும். ஆனால் வரிக்கு வரி என்றால் இரண்டில்தானே வைக்க வேண்டும்? இரண்டாவது, தேன் செய்கிறவன் நாடன் என்றுதான் இப்போதும் படிக்கிறது. வியாபாரி இன்னும் போகவில்லை.

லவ்டேல் வாசுகி

இரண்டுமே இந்தப் பாட்டின் முடிச்சுகள். தலைவரி நன்று, ஆனால் பாதிதான் சொல்கிறது. துறைக் குறிப்பைப் பாருங்கள்: தோழி அவனைக் குறை சொல்கிறாள், தலைவி பதிலுக்கு அவனை உயர்த்திப் பேசுகிறாள், அவன் வேலிக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். அதாவது இது தனியாக உருகுகிற பாட்டு அல்ல, மறுத்துப் பேசுகிற பாட்டு. "பெரிதே" என்பதில் இருக்கும் ஏகாரத்துக்கு அப்போதுதான் பல் முளைக்கும். உங்கள் "தான்" சரி. அந்தக் காட்சியையும் தலையில் போடுங்கள், பாடுகிற தொனியே மாறும்.

சாரலை அது நிற்கிற வரியிலேயே வையுங்கள். பக்கத்தில் ஒரு அம்புக்குறி, கீழ் வரியைக் காட்டி. சொல்லை வசதிக்காக இடம் மாற்றினால் பாட்டோடு தாள் பொருந்தாது. தாள் ஒரு தடவை பொய் சொன்னால் பாடுகிறவர் அதை நம்புவதை விட்டுவிடுவார்.

வியாபாரிக்கு வருவோம். "இழைக்கும் நாடன்" என்பதில் இழைப்பது நாடன் அல்ல. தேனீக்கள் இழைக்கின்றன, பாட்டில் அவை சொல்லப்படவே இல்லை. "நான் படிச்ச பள்ளிக்கூடம்" என்றால் பள்ளிக்கூடமா படித்தது? நம்ம பெயரெச்சம் இப்படி இடத்தையும் தாங்கும், ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை. அதனால் இங்கே ஒட்டைப் பிரிப்பதுதான் வழி. நாடன் என்பது நாடு + அன். தேன் இழைக்கப்படுவது நாட்டில், நட்பு அந்த நாட்டை உடையவனோடு. இப்படி எழுதிப் பாருங்கள்:

பெரும்-தேன் | (தேனீக்கள்) செய்கிற | நாடு-அவன்-ஓடு | நட்பு-தான்

ஓரத்தில்: "தேன் உண்டாவது அவன் நாட்டில்." அவ்வளவு போதும்.

தேன்பெட்டி முருகேசு

"பெரும்-தேன்" பத்தி ஒரு சந்தேகம். எங்க பக்கம் பாறையில பெரிய அடையாத் தொங்குற தேனீயைப் பெருந்தேனீம்பாங்க. பெட்டித் தேனீ வேற, அது சின்னது. பாட்டுல சொல்றது நிறையத் தேனா, பெருந்தேனீத் தேனா? 2018-ல மலை பூராவும் நீலமாப் பூத்தப்ப பாறைத் தேனடையைப் பாத்திருக்கேன், ஒவ்வொண்ணும் முறம் கணக்கா இருந்துச்சு. அதைப் பாத்தவங்க ரெண்டாவதைத்தான் நினைப்பாங்க.

லவ்டேல் வாசுகி

அண்ணா, உரை வழியில் மிகுதியான தேன் என்றுதான் எடுப்பேன். நீங்கள் சொல்வதை மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை, நிறுவவும் இல்லை. சொல்லின் கீழ் "பெரும்-தேன்" என்றே விட்டுவிட்டால் இரண்டுக்கும் இடம் இருக்கும். சரவணன் முதல் தாளில் "நிறைய" என்று எழுதியது ஒரு கதவைச் சாத்திவிட்டது. உங்கள் சந்தேகத்தை ஓரக் குறிப்பில் போடலாம், கவிதை எழுதுகிறவருக்கு முறம் அளவு தேனடை பிடித்துப்போகலாம்.

மஞ்சூர்க் கவிராயன்

அப்படியானால் "நட்பு"? தாளில் நட்பு என்றே விட்டிருக்கிறார். ஆங்கிலத்தில் அது தோழமை ஆகிவிடும், இவள் காதலைச் சொல்கிறாள். அங்கே கதவைத் திறந்து வைத்தால் முதல் கவிதையில் நின்ற அந்தத் தோழி திரும்ப வந்துவிடுவாளே!

லவ்டேல் வாசுகி

வருவாள், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் சொல்லடுக்கில் நட்பு என்றே வைப்பேன். காமம், காதல் என்ற சொற்கள் இருந்தும் இங்கே நட்பு வந்திருக்கிறது. அந்தத் தேர்வை அவர் பார்க்க வேண்டும். தலைவரியில் காட்சி இருப்பதால் குழப்பம் வராது.

மஞ்சூர்க் கவிராயன்

அந்தக் காலத்தில் நட்பு என்றால் அந்தக் காதலும்தான். சாரல் என்றால் சரிவு என்று பழைய பொருளைக் கொடுத்தீர்கள். நட்புக்கு மட்டும் இன்றைய பொருளா?

லவ்டேல் வாசுகி

...இது நியாயமான அடி. யோசிக்கிறேன்.

குன்னூர் தாத்தா

பையன் "தாயின்-உடன்பிறந்தான்" என்று மாற்றி எழுதிக் கொடுத்தான். மருமகள் உடனே அவளுடைய அண்ணனுக்குப் போன் போட்டு, "இங்கே உன்னைப் பற்றிப் பாட்டு இருக்கிறது" என்றாள். அவர் மல்லிகை எங்கே கிடைக்கும் என்று கேட்டாராம்.

மூஞ்சிக்கல் சரவணன்

ஞாயிற்றுக்கிழமை புதுத் தாளோடு உட்கார்ந்தோம். வாசுகி அக்கா தனி மடலில் சொன்ன சோதனையைச் செய்தேன். நான் மெதுவாகப் பாட, மிசோரம் ஆசிரியை சொல்லடுக்கில் விரல் வைத்துக்கொண்டே வர வேண்டும். நடுவில் திடீரென்று நிறுத்தி "இப்போது என்ன பாடினேன்?" என்று கேட்பேன். முதல் தடவை "ஆரளவின்றே"யில் தடுமாறினார். இரண்டாம் தடவை விரல் பாட்டோடு போனது. பிறகு தாளை மூடிவிட்டு அவருடைய சொல்லில் கதையைச் சொல்லச் சொன்னேன். "மூன்று தடவை எதையோ அளக்கப் பார்க்கிறாள், மூன்றுமே போதவில்லை. அப்புறம் மலையைக் காட்டுகிறாள். எதை அளந்தாள் என்று கடைசியில்தான் சொல்கிறாள்" என்றார். வியாபாரி போய்விட்டான்.

புதுக் கவிதையில் அவரும் கடைசி வரை காத்திருக்கிறார். மழை இல்லை, முறம் அளவு தேனடை இருக்கிறது (முருகேசு அண்ணனுக்கு நன்றி). கடைசிச் சொல்லுக்கு மட்டும் இரண்டு வடிவம் எழுதி வைத்திருக்கிறார், ஒன்றில் காதல், இன்னொன்றில் நட்பு. எதைப் பாடுவது என்று குழுவில் நாலுக்கு நாலாகப் பிரிந்து நிற்கிறோம்.

இப்போது புதுத் தலைவலி. அம்புக்குறியைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கே உறைத்தது. எங்கள் மெட்டு "சாரல்" என்ற சொல்லில் நாலு மாத்திரை இழுத்து, அங்கே மூச்சு வாங்குகிறது. அதாவது நாங்களே இவ்வளவு நாளாக அதை நீரோடு சேர்த்துப் பாடிக்கொண்டிருந்திருக்கிறோம். மூச்சை "இன்றே"வுக்குப் பிறகு வைத்து, சாரலைக் கருங்கோலோடு சேர்க்கலாம் என்றேன். மெட்டுப் போட்டவர், அந்த இழுப்புத்தான் பாட்டின் உயிர், அதைத் தொடாதே என்கிறார். சனிக்கிழமை ஏரிக்கரை டீக்கடையில் மறுபடி பேசுவதாக இருக்கிறோம்.